குச்சிக்கிழங்குப் பணம் ஆடிக்கு மேல் நிற்பதில்லை: ஆண்டுக்கு ஒருமுறை வரும் தொகையை எப்படிப் பிரிப்பது?

தோட்டத்துக்காரி, வாழப்பாடி

அனைவருக்கும் வணக்கம். எங்களுக்குக் கிணற்றுப் பாசனத்தில் மூன்று ஏக்கர் உள்ளது. மூன்றிலும் குச்சிக்கிழங்குதான். இரண்டு கறவை மாடுகளும் இருக்கின்றன. வீட்டுக் கணக்கை நான் எழுதுகிறேன். இந்தத் தை மாதம் 34 டன் கிழங்கு பிடுங்கினோம். டன்னுக்கு 7,200 ரூபாய் கிடைத்தது. பிடுங்கு கூலி, ஏற்றுக்கூலி, லாரி வாடகை எல்லாம் போக 2,15,000 ரூபாய் எங்களுக்கு நிற்கிறது. ஆலையில் பாதியை உடனே கொடுத்தார்கள். மீதியை இரண்டு தவணையாகத் தருகிறார்கள், கடைசித் தவணை அடுத்த வாரம் வரவேண்டும்.

ஒவ்வோர் ஆண்டும் நடப்பது இதுதான். பணம் வந்ததும் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் 90,000 ரூபாயைக் கட்டி, சில நாட்களில் அதே தொகையைத் திரும்ப வாங்குகிறோம். உரக்கடைப் பாக்கியைத் தீர்க்கிறோம், நகையை மீட்கிறோம். மாசியில் கையில் நல்ல தொகை இருப்பது போலத் தெரிகிறது. ஆனால் ஆடி பிறப்பதற்குள் அது கரைந்து, அதே நகை மறுபடியும் அடகுக்குப் போகிறது. நாங்கள் வீண் செலவு செய்கிறவர்கள் அல்லர். வரும் தொகையை மாதாமாதம் எப்படிப் பிரித்து வைத்தால் அடுத்த தை வரை தாங்கும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

தலைவாசல் விவசாயி

அம்மா, 7,200 ரூபாய் என்பதே குறைவு. உங்கள் கிழங்குக்கு எத்தனை பாயிண்ட் போட்டார்கள் என்று பாருங்கள். மழை பெய்து செடி புதுத் துளிர் விட்ட பிறகு பிடுங்கினால் கிழங்கில் மாவு குறைந்து பாயிண்ட் இறங்கிவிடும், அதைச் சாக்காக வைத்து விலையில் மேலும் கை வைப்பார்கள். எங்கள் பகுதியில் ஓர் ஆலையில் இரண்டு லாரிக்கு இரண்டு விதமாகப் பாயிண்ட் போட்டதைக் கேட்டு நான் சண்டை பிடித்திருக்கிறேன். வரவு சரியாக இருந்தால் பட்ஜெட் எல்லாம் தானாகச் சரியாகும். பேசாமல் ஓர் ஏக்கரை மஞ்சளுக்கு மாற்றுங்கள்.

தோட்டத்துக்காரி, வாழப்பாடி

அண்ணா, பாயிண்ட் விவகாரம் எங்களுக்கும் உண்டு. ஆனால் என் கேள்வி அதைப் பற்றியது அன்று. விலை நன்றாகக் கிடைத்த ஆண்டிலும் ஆடியில் இதே நிலைதான் இருந்தது. மஞ்சளும் ஆண்டுக்கு ஒருமுறைதான் பணம் தரும்.

தாரமங்கலத்தான்

இதற்குச் சீட்டைவிடச் சிறந்த வழி இல்லை. கையில் பணம் இருந்தால் செலவாகத்தான் செய்யும். மாதம் 5,000 ரூபாய் கட்டும் ஏலச்சீட்டு ஒன்றில் சேருங்கள். சீட்டு கட்டவேண்டும் என்ற பயமே மற்ற செலவைக் குறைத்துவிடும். பள்ளிக் கட்டணம் வரும் மாதத்தில் தள்ளி எடுத்துக்கொள்ளலாம். நாங்கள் தறி வைத்திருக்கிறோம், பல ஆண்டுகளாக எங்கள் குடும்பம் இப்படித்தான் நடக்கிறது. பதிவு பெற்ற சீட்டாகப் பார்த்துச் சேருங்கள், அதில் மட்டும் கவனம் தேவை.

பழைய செயலாளர்

நான் ஆத்தூர்ப் பக்கம் ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்களைப் போன்ற கணக்குகளை நிறையப் பார்த்திருக்கிறேன். பிரிக்கும் முறையைச் சொல்வதற்கு முன் சில விவரங்கள் தேவை. ஓர் ஆண்டுக்குக் கிழங்கு வெள்ளாமைக்கு மொத்தம் எவ்வளவு செலவாகிறது? அதில் உரக்கடையில் கடனாக வாங்குவது எவ்வளவு? மாட்டுத் தீவனம் போகப் பாலில் மாதம் எவ்வளவு நிற்கிறது? வீட்டுச் செலவு என்ன? எல்லாவற்றையும்விட முக்கியமாக, சென்ற மூன்று ஆண்டுகளில் தை மாதம் நகையை மீட்கும்போது ஒவ்வோர் ஆண்டும் அசல் எவ்வளவு கட்டினீர்கள் என்று ரசீதைப் பார்த்துச் சொல்லுங்கள்.

தாரமங்கலத்து நண்பர் பணம் கைக்கு எட்டாமல் இருக்கவேண்டும் என்று சொல்வது சரி. ஆனால் தறியில் கூலி வாராவாரம் வருகிறது, கிழங்கில் அப்படி வருவதில்லை. மாதத் தவணை உள்ள எதுவும் மாத வரவு உள்ளவருக்குத்தான் பொருந்தும். புரட்டாசியில் 5,000 ரூபாய்க்கு இவர் எங்கே போவார்? நூற்றுக்கு இரண்டு வட்டிக்குக் கைமாற்று வாங்கித்தான் சீட்டு கட்டுவார். சேமிப்பு என்று தொடங்கியது கடனாக முடியும்.

தோட்டத்துக்காரி, வாழப்பாடி

ஐயா, நோட்டையும் ரசீதுகளையும் பார்த்து எழுதுகிறேன். உழவு, கரணை நடவு, இரண்டு களையெடுப்பு, உரம், மருந்து எல்லாம் சேர்த்து மூன்று ஏக்கருக்கும் ஆண்டுக்கு ஒரு லட்சம் ஆகிறது. அதில் 18,000 ரூபாய் உரக்கடைப் பாக்கியாக நின்று, கிழங்கு பிடுங்கிய பிறகு தீர்க்கப்படுகிறது. பாலில் தீவனம் போக மாதம் சுமார் 5,000 நிற்கும். மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பி.எம். கிசான் பணம் ஆண்டுக்கு 6,000 ரூபாய், அது நான்கு மாதத்துக்கு ஒருமுறை 2,000 ரூபாயாக வரும். வீட்டுச் செலவு மாதம் 13,000. இது தவிர ஜூனில் இரண்டு பிள்ளைகளுக்கும் பள்ளிக் கட்டணம், சீருடை, நோட்டு எல்லாம் 28,000, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் 15,000, மொய்க்கு 12,000 ஆகிறது.

நகை அசல்: மூன்றாம் ஆண்டு தையில் 20,000, சென்ற ஆண்டு 42,000, இந்த ஆண்டு 65,000. வட்டி இந்த முறை ஏறக்குறைய 6,000 வரும். அதே ஆரமும் அதே இரண்டு வளையல்களும்தான், புதிதாக எதையும் வைக்கவில்லை.

பழைய செயலாளர்

அம்மா, உங்கள் கேள்விக்கான விடை கடைசிப் பத்தியில் இருக்கிறது. நகை அதேதான், ஆனால் அசல் ஆண்டுக்கு 22,000, 23,000 என்று ஏறியிருக்கிறது. பொன் விலை ஏறியதால் அதே ஆரத்துக்குக் கூடுதலாகக் கடன் கிடைத்தது, அதனால் வீட்டில் யாருக்கும் உறுத்தவில்லை. விலை ஏறாமல் இருந்திருந்தால் இரண்டாம் ஆண்டே மூன்றாவது வளையலைத் தேடியிருப்பீர்கள், அப்போது விழித்துக்கொண்டிருப்பீர்கள்.

ஆண்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கிழங்கில் வந்த 2,15,000 ரூபாயில் ஒரு லட்சம் வெள்ளாமைக்கு உரியது, உங்களுக்கு வருமானம் 1,15,000தான். பாலில் 60,000, உரிமைத் தொகை 12,000, கிசான் பணம் 6,000 சேர்த்தால் 1,93,000. செலவில் வீட்டுக்கு 1,56,000, கட்டணம், பண்டிகை, மொய் மூன்றுக்கும் 55,000, மொத்தம் 2,11,000. குறைவது 18,000, அதோடு நகைக்கடன் வட்டி 6,000. ஆக ஆண்டுக்கு 24,000 பற்றவில்லை. நகை அசல் ஏறும் தொகையும் ஏறக்குறைய அதுவே என்பதைக் கவனியுங்கள். எனவே உங்களிடம் இருப்பவை இரண்டு சிக்கல்கள். பணம் ஒரே நேரத்தில் மொத்தமாக வருவது ஒன்று, அதைப் பிரித்து வைத்துச் சமாளிக்கலாம். வரவே 24,000 ரூபாய் குறைவது மற்றொன்று, எத்தனை பங்காகப் பிரித்தாலும் அது தீராது. இரண்டும் ஒன்றாகக் கலந்து கிடப்பதால்தான் ஆடியில் பணம் எங்கே போனதென்று தெரியாமல் நிற்கிறீர்கள்.

பயிர்க்கடனைக் கட்டித் திரும்ப வாங்குவதும் இந்தக் குழப்பத்தைக் கூட்டுகிறது. அந்த 90,000 ரூபாயும் மீதிக் கிழங்குப் பணமும் ஒரே சேமிப்புக் கணக்கில் விழுவதால், மாசியில் கையிருப்பு உண்மையைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

ஏற்காடு காப்பித்தோட்டம்

எங்கள் கதையையும் சொல்கிறேன். மலையில் காப்பிப் பழம் கார்த்திகையிலிருந்து தை வரை பறிக்கிறோம். ஆனால் பறிப்புக் கூலியை வாராவாரம் சனிக்கிழமை கொடுத்தாகவேண்டும், விற்ற பணம் பிறகுதான் வரும். ஆகவே எங்களுக்கு மிகவும் முடை உண்டாகும் காலம் அறுவடைக் காலமே. அதற்காகச் சென்ற ஆண்டு மிளகில் ஒரு பகுதியை விற்காமல் காயவைத்து மூட்டையாக வைத்திருந்து, கார்த்திகையில் கூலிக்காக விற்கிறேன். மிளகு நன்றாகக் காய்ந்திருந்தால் கெடாது, காப்பியையும் தோலோடு காயவைத்துச் சில மாதம் வைத்திருக்கலாம். சரக்கே என் சேமிப்பு. நீங்களும் கிழங்கில் ஒரு பகுதியை அப்படி நிறுத்தி விற்றால் என்ன?

தலைவாசல் விவசாயி

பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் கருத்துவிடும், சரக்காக வைக்க முடியாது. பிடுங்காமல் நிலத்திலேயே விட்டு வைக்கலாம். ஆனால் நாள் கடந்தால் நார் ஏறும், அடுத்த நடவும் தள்ளிப்போகும்.

பழைய செயலாளர்

தலைவாசல் நண்பர் சொல்வது சரி. ஆனாலும் ஓரிரு மாதம் நிலத்தில் விட்டு வைக்க முடிகிறவருக்கும், தையில் கட்டாயம் பிடுங்கியாகவேண்டியவருக்கும் விலை பேசுவதில் பெரிய வேறுபாடு உண்டு. தையில் எல்லோரும் ஒரே நேரத்தில் பிடுங்கும்போது ஆலை வாசலில் லாரிகள் வரிசையில் நிற்கும், அப்போது கொடுத்த விலைக்கு விற்றுவிட்டு வரவேண்டியதுதான். ஆலையிலோ தரகரிடமோ முன்பணம் வாங்கியிருந்தால் இன்னும் மோசம், விலை பேசும் உரிமையே போய்விடும். அதனால் நான் யாருக்கும் தை முதல் தை வரை பன்னிரண்டு மாதம் என்று கணக்குப் போடச் சொல்வதில்லை. பங்குனி முடியும்வரை பதினான்கு மாதம் வீடு ஓடவேண்டும் என்றே சொல்வேன். உங்களுக்கு அது இந்த ஆண்டு முடியாது, இலக்காக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கையில் உள்ளதைப் பிரிப்போம். பயிர்க்கடனைக் கட்டித் திரும்ப வாங்குவதால் அதில் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. 2,15,000 ரூபாயில் நகைக்கு 71,000, உரக்கடைக்கு 18,000 போனால் மீதி 1,26,000. இதில் முதலில் வெள்ளாமைக்கான 82,000 ரூபாயை ஒதுக்கி, வீட்டுக் கணக்கோடு சேராத வேறொரு கணக்கில் போடுங்கள். இதை வீட்டுக்கு எடுத்தால் இரண்டாம் களையெடுப்பும் உரமும் தள்ளிப்போய், அடுத்த தையில் டன் குறையும். அடுத்து 28,000 ரூபாயை மே மாத இறுதியில் முதிரும்படி வங்கியில் வைப்பாகப் போடுங்கள். நான்கு மாதத்தில் வட்டி பெரிதாக வராது, கைக்கு எட்டாமல் இருக்கும் என்பதற்காகத்தான் இது. மீதி இருப்பது 16,000.

மாதச் செலவு 13,000, மாத வரவு கிசான் பணத்தையும் மாதத்துக்குப் பகிர்ந்தால் 6,500. மாதம் 6,500 ரூபாய் குறையும் வீட்டுக்கு 16,000 ரூபாய் இரண்டரை மாதம்தான் வரும், சித்திரை முடிவதற்குள் தீர்ந்துவிடும். இதுவரை வெள்ளாமைப் பணத்திலிருந்து எடுத்துத்தான் ஆடி வரை ஓட்டியிருக்கிறீர்கள். மீதி மாதங்களுக்கு 62,000, பண்டிகைக்கும் மொய்க்கும் 27,000 என்று கூட்டினால் அடுத்த தையில் நகை மீது 89,000 நிற்கும். இதை ஆடியில் தெரிந்துகொள்வதைவிட இன்றைக்கே தெரிந்துகொள்வது நல்லது.

ஆத்தூர் அம்மாயி

செயலாளர் ஐயாவின் கணக்கு சரிதான், ஆனால் சில செலவுகள் கணக்கு நோட்டுக்குக் கட்டுப்படாது. மொய் 12,000 ரூபாயைக் குறைக்கச் சொல்வார்கள், நீங்கள் கேட்காதீர்கள். உங்கள் வீட்டு விசேஷத்தில் வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்வதும் கடன் தீர்ப்பதுதான். மொய் நோட்டை எடுத்து, யாருக்குச் செய்யவேண்டியிருக்கிறது, அவர்கள் வீட்டில் இந்த ஆண்டு விசேஷம் வருமா என்று இப்போதே குறித்து வையுங்கள். புதிதாக ஒருவருக்குச் செய்வதை மட்டும் தள்ளிப் போடலாம்.

நகையில் ஒரு சூட்சுமம் சொல்கிறேன். ஆரத்தையும் வளையலையும் ஒரே கடனாக வைக்காதீர்கள். ஒவ்வொன்றையும் தனித்தனிச் சீட்டாக வைத்தால், கொஞ்சம் பணம் வந்தபோது வளையலை மட்டும் மீட்கலாம். சேர்த்து வைத்தால் முழுப் பணமும் சேரும்வரை அத்தனையும் உள்ளேயே கிடக்கும். அதோடு, வைக்கும்போது இவ்வளவு கிடைக்கும் என்று அவர்கள் சொல்லும் தொகையை வாங்காதீர்கள். உங்களுக்குத் தேவை 20,000 என்றால் 20,000 ரூபாய்க்கு மட்டும் எழுதச் சொல்லுங்கள். கடைசி வரை கொடுக்கத்தான் பார்ப்பார்கள்.

தாரமங்கலத்தான்

நகையை மீட்காமலே விட்டால் என்ன? 71,000 ரூபாயைக் கையில் வைத்திருந்தால் ஆடியில் மறுபடி அடகு வைக்கத் தேவையே இல்லையே. ஒவ்வோர் ஆண்டும் மீட்பதும் வைப்பதும் வீண் அலைச்சல்.

பழைய செயலாளர்

வட்டிக் கணக்கில் இது நஷ்டம். மாசியிலிருந்து ஆடி வரை நகை வீட்டில் இருந்தால் அந்த ஆறு மாத வட்டி மிச்சம், அதே பணத்தை வங்கியில் வைத்தால் அந்த அளவு வட்டி கிடைக்காது. மேலும் 71,000 கையில் இருந்தால் அது ஆடி வரை இருக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. மீட்டுவிட்டு, தேவைப்படும் மாதத்தில் தேவைப்படும் அளவுக்கு மட்டும் அம்மாயி சொன்னபடி தனித்தனியாக வைப்பது மேல்.

ஆத்தூர் அம்மாயி

எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. நகை வீட்டுக்கு வந்தால் யாராவது ஒருவர் கேட்பார், நாத்தனார் கல்யாணத்துக்கு, தம்பி வண்டிக்கு என்று. உள்ளே இருக்கும் நகையை எவரும் கேட்க மாட்டார்கள். வட்டி கொடுப்பது நஷ்டம்தான், ஆனால் குடும்பத்தை அறிந்து முடிவு செய்யவேண்டும்.

தோட்டத்துக்காரி, வாழப்பாடி

ஐயாவின் கணக்கை என் வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டினேன். நகை அசலை மூன்று ஆண்டுக்கும் வரிசையாக எழுதிக் காட்டியபோது அவர் வேறெதுவும் பேசவில்லை. வெள்ளாமைப் பணத்துக்குத் தனிக் கணக்கு வைக்க ஒப்புக்கொண்டார். 24,000 ரூபாய்க்கு என்ன வழி? வீட்டுச் செலவில் மாதம் ஆயிரம் குறைக்க முடியும், அதற்கு மேல் குறைத்தால் பிள்ளைகள் சாப்பாட்டில்தான் கை வைக்கவேண்டும். மீதி 12,000 வேண்டும். ஓர் ஏக்கரில் கிழங்குக்கு நடுவே சின்ன வெங்காயம் ஊடுபயிராகப் போடலாமா என்று யோசிக்கிறோம். வைகாசியில் ஒரு சிறு வரவும் வரும்.

தலைவாசல் விவசாயி

போடலாம். கிழங்குச் செடி படர்ந்து நிழல் கட்டுவதற்குள், எழுபது நாளில் வெங்காயத்தைப் பிடுங்கிவிடலாம். ஆனால் விதை வெங்காயத்தின் விலையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். விதை விலை ஏறியிருக்கும் ஆண்டில் எல்லோரும் போடுவார்கள், பிடுங்கும்போது விலை படுத்துவிடும். நான் இருமுறை விதைக் காசைக்கூட எடுக்கவில்லை. பயம் இருந்தால் உளுந்து போடுங்கள், விதைச் செலவு குறைவு, வரவும் குறைவுதான்.

பழைய செயலாளர்

வெங்காயத்தை வரவுப் பக்கத்தில் இப்போதே எழுதாதீர்கள். விதைச் செலவை மட்டும் எழுதுங்கள், அதுவும் 82,000 ரூபாயிலிருந்து எடுக்கக்கூடாது. இந்த ஆண்டு நகை அசல் அடுத்த தையில் 65,000 ரூபாயைத் தாண்டாமல் இருந்தால் போதும், குறைக்கும் வேலையை அதற்கடுத்த ஆண்டு பார்க்கலாம்.

இன்னொன்று. பயிர்க்கடனுக்குத் தவணை நாளுக்குள் கட்டினால்தான் வட்டி இல்லை. ஒரு நாள் தவறினாலும் அந்தச் சலுகை கைவிட்டுப் போய், வாங்கிய நாளிலிருந்து வட்டி கேட்பார்கள். ஆலையின் கடைசித் தவணையை நம்பிக் காத்திருந்து நாளைத் தவறவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முதலில் வந்த பாதிப் பணத்திலிருந்தே பயிர்க்கடனைக் கட்டிவிடுங்கள், உரக்கடையும் நகையும் ஒரு வாரம் பொறுக்கும். உங்கள் கடன் அட்டையில் தவணை நாள் என்று என்ன எழுதியிருக்கிறது?

தோட்டத்துக்காரி, வாழப்பாடி

மாசி 20 என்று இருக்கிறது ஐயா. பாதிப் பணம் வங்கியில் அப்படியே உள்ளது, நாளைக் காலை சங்கம் திறந்ததும் கட்டிவிடுகிறோம். நகையை மீட்பதா வேண்டாமா என்பதில் எங்களுக்குள் இன்னும் பேச்சு முடியவில்லை. வளையல் இரண்டை மட்டும் மீட்டு, ஆரத்தை அப்படியே விட முடியுமா என்று அடகு வைத்த இடத்தில் கேட்கப் போகிறோம். ஒரே சீட்டாக இருப்பதால் ஒப்புக்கொள்வார்களா தெரியவில்லை.

ஆத்தூர் அம்மாயி

ஒரே சீட்டு என்றால் பிரித்துத் தர மாட்டார்கள். முழுதாக மீட்டு, அன்றைக்கே ஆரத்தை மட்டும் புதுச் சீட்டாக வைக்கவேண்டும். அதற்கு ஒரு நாளைக்கு முழுப் பணமும் கையில் தேவை, ஆலையின் கடைசித் தவணை வந்த பிறகு போங்கள்.